15 அடி உயர போர்ட்டிகோவும் ஒட்டுப்போட்ட முட்டும்

பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே அப்பா, அம்மாவுக்காக வீடு கட்டினோம். ஹால், படுக்கையறை எல்லாம் பத்தரை அடி உயரம். முன்னால் வரும் போர்ட்டிகோ மட்டும் 15 அடி. நீளம் 14, அகலம் 12, ஆக 168 சதுர அடிதான். வீட்டின் மொத்தத் தளத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராத அந்தத் துண்டுதான் எங்களைப் பத்து நாள் நிறுத்தி வைத்தது.

கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங்குக்கு இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் முழுக்கத் தைலமர முட்டு வைப்பவர், சதுர அடிக்கு நான்கு ரூபாய் குறைவு. இன்னொருவரிடம் இரும்பு ஜாக்கி, தகடு, பிளைவுட் எல்லாம் இருந்தது. ஜாக்கிக்காரருக்கே கொடுத்தோம். மர முட்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. நேராக, நுனியிலும் 4 அங்குலம் தடிமன் இருக்கும் கம்பம் பத்தடி உயரத்துக்கு நன்றாகவே தாங்கும். ஆனால் வண்டியில் வந்து இறங்குகிற கம்பங்களில் அப்படிப்பட்டது பாதிதான் இருக்கும். தடிமன் 4 அங்குலத்திலிருந்து 3 ஆகக் குறைந்தால் வளையாமல் நிற்கும் திறன் கால் பங்கு குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஜாக்கி எல்லாம் ஒரே அளவுக் குழாய், உயரத்தையும் திருகிச் சரிசெய்யலாம். அந்த நிம்மதிக்குத்தான் நான்கு ரூபாய்.

ஜாக்கியிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உள்குழாயைத் தாங்கும் பின் தொலைந்துபோனால், அதற்குப் பதில் 8 மில்லிமீட்டர் கம்பியை வெட்டிச் சொருகிவிடுகிறார்கள். எங்கள் ஹாலில் ஏழு ஜாக்கி அப்படி இருந்தது. முழு எடையும் அந்த ஒரு பின் மேல்தான் உட்காருகிறது. 14 மில்லிமீட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் 8 போட்டால் இரும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு மூன்றில் ஒரு பங்குதான். மேஸ்திரியிடம் சொன்னதும் மறுநாளே சரியான பின் கொண்டுவந்து மாற்றினார்.

மேல்பரப்பில் அறைகளுக்குத் தகடு, ஹாலுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் என்று திட்டம். தகடு மூன்றடிக்கு இரண்டடி. அடியில் ஆங்கிள் வைத்துப் பற்றவைத்திருப்பதால் ஓரங்களைத் தாங்கினாலே நிற்கும். பிளைவுட்டுக்கு அந்த எலும்பு கிடையாது. தகட்டுக்கு வைத்த பழக்கத்திலேயே பிளைவுட்டுக்கும் இரண்டடிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். என் தங்கை வீட்டுக்காரர் கட்டடப் பொறியாளர். அவர் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது கான்கிரீட் விழுந்ததும் சட்டத்துக்குச் சட்டம் 5, 6 மில்லிமீட்டர் தொங்கிப் போகும். சீலிங் அலை அலையா இருக்கும்" என்றார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சட்டம் வைத்தால் தொய்வு பாதியாகக் குறையும் என்றுதான் நான் நினைத்தேன். பதினாறில் ஒரு பங்காகக் குறையுமாம். இடைவெளி பாதியானால் தொய்வு அந்தக் கணக்கில்தான் இறங்கும். கூடுதலாகப் பன்னிரண்டு சட்டம் வாடகைக்கு எடுத்தோம், அவ்வளவுதான்.

தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல தடவை ஓடிய தகட்டின் ஓரம் நெளிந்திருக்கும். அந்த இடுக்கு வழியே சிமென்ட் பால் இறங்கிவிட்டால் அடியில் ஜல்லி மட்டும் தெரியும். இணைப்புகளில் அகலமான டேப் ஒட்டச் சொன்னோம்.

அப்புறம் போர்ட்டிகோ. ஜாக்கி அந்த உயரத்துக்கு எட்டாது. அதனால் மேஸ்திரி ஒரு வண்டி தைலமரக் கம்பம் இறக்கினார். எதுவும் 15 அடி இல்லை. இரண்டு கம்பத்தை ஒன்றோடொன்று ஒன்றரை அடி ஏற்றிவைத்து, நான்கு ஆணி அடித்து ஒட்டுப்போட்டு நான்கடி இடைவெளியில் நிறுத்திவிட்டார். குறுக்குக் கட்டு ஒன்றுமில்லை.

"ஏனுங்க, இப்படித்தானுங்க இருவது வருசமா அடிக்கறோம். ஒண்ணும் ஆனதில்லீங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் அடித்ததில் பெரும்பாலானவை பத்தடி உயரம்.

மாப்பிள்ளை அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 5 அங்குலத் தளத்தில் கம்பியோடு சேர்ந்த ஈரக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. சட்டம், பலகைக்கு 5 கிலோ. மேலே நடக்கும் ஆள், வைப்ரேட்டர், தள்ளுவண்டிக்கு 15 கிலோ. ஆக 50. நான்கடிக்கு நான்கடி இடைவெளி என்றால் ஒரு முட்டு 16 சதுர அடியைச் சுமக்கும், அதாவது 800 கிலோ. 3 அங்குலத் தடிமனில், ஒட்டே இல்லாத நேர்க்கம்பம் 15 அடி உயரத்துக்கு நடுவில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நின்றால் சுமார் 750 கிலோவில் வளைந்து முறியும். நம் கம்பத்தில் ஒட்டு வேறு இருக்கிறது, லேசான கோணலும் இருக்கிறது.

"முட்டு நசுங்கிப் போகாது மாமா, பக்கவாட்டுல வளைஞ்சுதான் போகும்" என்று அப்பாவிடம் ஒரு விளக்கமாற்றுக் குச்சியை நிறுத்தி அழுத்திக் காட்டினார். குச்சி வில்லாக வளைந்தது. நடுவில் இரண்டு இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொன்னார். வளையவே இல்லை. நீளத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் ஐந்தடியிலும் இரு திசையிலும் கட்டிவிட்டால் வளைவதற்கு எதிரான திறன் ஒன்பது மடங்கு. பிடி ஒரு திசையில் மட்டும் இருந்தால் கம்பம் மற்றத் திசையில் வளைந்துகொள்ளும்.

படுக்கைக் கட்டு மட்டும் போதாது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. எல்லா முட்டுகளையும் ஒன்றோடொன்று கட்டினாலும், மொத்தமாக எல்லாம் ஒரே பக்கம் சாயலாம். அதைத் தடுப்பது மூலைவிட்டக் கட்டுதான். போர்ட்டிகோவின் மொத்த எடை 168 சதுர அடிக்கு 8,400 கிலோ, பீம் தனி. அதில் குறைந்தது நூற்றுக்கு இரண்டரை பங்காவது பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டுமாம். 210 கிலோ. தள்ளுவண்டி திடீரென நிற்பது, காற்று, முட்டின் சாய்வு எல்லாம் சேர்ந்தது அது. நான்கு தூண்களை முன்பே கான்கிரீட் போட்டு இறுகவிட்டிருந்ததால், சாரத்தைத் தூண்களோடும் இழுத்துக் கட்ட முடிந்தது.

கம்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஈரோட்டிலிருந்து கப்லாக் எனும் இரும்புக் குழாய்ச் சாரம் வாடகைக்கு எடுத்தோம். நிற்கும் குழாய்கள் நான்கடிக்கு ஒன்று, முன்பக்கப் பீமின் அடியில் மட்டும் இரண்டடிக்கு ஒன்று. பீம் 9 அங்குல அகலம், 18 அங்குல ஆழம். தளத்துக்குக் கீழே தொங்கும் பகுதி மட்டுமே ஓரடிக்கு 57 கிலோ. தளத்துக்குப் போட்ட இடைவெளியையே பீமுக்கும் வைப்பதை எங்கள் பக்கம் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பயமாகவே இருக்கிறது. மேலும் கீழும் உள்ள திருகு ஜாக்கியை ஓரடிக்கு மேல் திறக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். வெளியே நீட்டிய திருகு நீண்டால் அங்கேயும் அதே வளைவுக் கதைதான்.

தளம் போட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் போர்ட்டிகோவின் தென்பக்கம் இரண்டு கால்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தன. அடித்தகட்டுக்குக் கீழே விரல் நுழைந்தது. அந்தப் பக்கம் தூண் குழி தோண்டி மூடிய செம்மண். மேலே கெட்டியாகத் தெரிந்ததே தவிர, யாரும் தண்ணீர் விட்டு இடிக்கவில்லை. கான்கிரீட் பாதி விழுந்த பிறகு இந்த மழை வந்திருந்தால் அந்தக் கால்கள் சுமக்க வேண்டிய எடை பக்கத்துக் கால்களுக்குப் போயிருக்கும்.

அடித்தகடு 6 அங்குலச் சதுரம்தான், கால் சதுர அடி. அதில் 800 கிலோ என்றால் சதுர அடிக்கு மூன்று டன்னுக்கு மேல். புதிதாகக் கொட்டிய மண்ணுக்கு அது ஆகாது. மிக்சரைத் திருப்பி அனுப்பினோம். மண்ணை ஓரடி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இடித்தோம். அதன் மேல் 9 அங்குல அகலம், 2 அங்குலக் கனத்தில் நீளப் பலகையை எல்லாக் கால்களுக்கும் தொடர்ச்சியாகப் போட்டோம். மேஸ்திரி முதலில் செங்கல்லை அடுக்கி மேல் வைக்கலாம் என்றார். செங்கல் ஒன்று வெடித்தாலோ நகர்ந்தாலோ அந்தக் கால் சும்மா நிற்கும். இதில் நாங்கள் இறங்கிவரவில்லை.

நான்கு நாள் கழித்துத் தளம் போட்டோம். லிஃப்ட் வைத்த மிக்சர். அது கொட்டும் இடத்தில் கான்கிரீட் குவிவதுதான் அடுத்த ஆபத்து. இரண்டடி உயரக் குவியல் என்றால் அந்த இடத்தில் சதுர அடிக்கு 140 கிலோ, நம் கணக்கு 50க்கு. அதனால் லிஃப்ட்டை போர்ட்டிகோ பக்கம் வைக்காமல், வீட்டுச் சுவருக்கு மேல் வரும் இடத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து பாண்டுச் சட்டியில் எடுத்துவந்து கொட்டியதும் உடனே இழுத்துப் பரப்பினார்கள்.

அடியில் ஆள் நிற்கக் கூடாது என்பது கண்டிப்பு. ஆனால் தொய்வைக் கண்காணிக்காமலும் விட முடியாது. மூன்று இடத்தில் பலகையிலிருந்து ரீப்பர் கட்டையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தரையில் ஒரு முளை அடித்து, இரண்டிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தோம். வெளியே நின்றே பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் இறங்கினால் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிவைத்தோம். முதல் அரைமணியில் மூன்றும் 2, 3 மில்லிமீட்டர் இறங்கின. பலகைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி அமுங்குவது அது. தென்பக்கம் மட்டும் 5 வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. அப்பா அந்தக் கோட்டை விட்டு நகரவே இல்லை, டீயைக்கூட அங்கேயே குடித்தார்.

ஏழாம் நாள் மேஸ்திரி ஜாக்கி கேட்டார். திங்களூரில் அவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி நாலரை மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், ஆறு மீட்டருக்குள் உள்ள பீமுக்கு 14 நாள். ஆனால் அது சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குச் சொன்னது. நாங்கள் போட்டது சாம்பல் கலந்த பி.பி.சி., வலிமை மெதுவாக ஏறும். தளத்தை 14 நாளும் பீமை 21 நாளும் விட்டோம். கூடுதல் நாளுக்கான வாடகையை அவருக்குக் கொடுத்தோம், அது நியாயம்தான். அந்த நாட்களில் மாடிக்குச் செங்கல் ஏற்றவும் விடவில்லை.

பிரிக்கும்போது தளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரித்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் மட்டும் நுனியிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப் பக்கத்தை முதலில் எடுத்துவிட்டு நுனியில் மட்டும் முட்டு இருக்க விட்டால், மேல்பக்கம் கம்பி வைத்த அந்த ஷேடு தலைகீழான வேலையைச் செய்ய நேரும். கடைசி ஜாக்கி எடுத்த அன்று சாயங்காலம் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். தென்பக்கம் அதே 5 மில்லிமீட்டர், அதற்கு மேல் இறங்கவில்லை. மேஸ்திரி அந்த இரண்டங்குலப் பலகைகளை எங்கே வாங்கினோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.