அவளே சிரிக்கிறாளே!

நண்பர்கள் குழுவில் ஒரு போட்டோ வந்தது. உடனே ஒருவர், "பல்லு மட்டும்தான் தெரியுது, லைட்டைப் போடுங்கப்பா" என்று எழுத, வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். முதல் எமோஜி கேலிக்கு ஆளானவளுடையது. "அவளே சிரிக்கிறா, உனக்கென்ன?" என்று என்னைக் கேட்டார்கள்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. சிரிக்காவிட்டால், 'விளையாட்டுக்குச் சொன்னதுகூடப் புரியல' என்று இரண்டாவது அடி விழும். அதற்கு முந்திக்கொள்வதுதான் அது.

நான் எங்கே போனாலும் லேட். அதை எல்லாரும் ஓட்டுவார்கள். சரி, நாளைக்குச் சீக்கிரம் போய் அவர்கள் வாயை அடைக்கலாம். (இதுவரை அடைத்ததில்லை, அது வேறு கதை.) நிறத்தை வைத்து ஓட்டினால் என்ன செய்து காட்டுவது? எடையும் அப்படித்தான். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முகம் உப்பலாம். "நல்ல சாப்பாடு போல" என்று கேட்டால், அவர் தன் நோயைச் சபையில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சிரித்து வைக்க வேண்டும்.

அப்புறம் வந்த போட்டோக்களில் அவள் இல்லை. "நீங்க நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்கிறாள். போன வாரம் வலுக்கட்டாயமாக இழுத்து நிறுத்தியபோது அவளே சொன்னாள்: "நான் நின்னா ஃபிளாஷ் போடணுமே." எல்லாரும் சிரித்தார்கள்.