சிங்கப்பூரில் சொத்து முகவராகப் பதிவு பெற்ற அனுபவம்

சிங்கப்பூரில் வீடு விற்கவோ வாங்கவோ வாடகைக்கு விடவோ அடுத்தவருக்கு உதவி, அதற்குக் கமிஷன் வாங்க வேண்டுமானால் சிஇஏ என்கிற சொத்து முகவர் மன்றத்தின் பதிவு வேண்டும். 2010இல் வந்த சட்டம் அது. பதிவில்லாமல் தொழில் செய்தால் 25,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் "முதலில் ரெண்டு வீடு வித்துப் பாரு, அப்புறம் பரீட்சை எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதலில் ஆர்இஎஸ் எனப்படும் அடிப்படைப் பயிற்சி. மன்றம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில்தான் சேர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் மாலை வகுப்பிலோ வார இறுதி வகுப்பிலோ சேரலாம். நிலச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிகள், முகவருக்கான நடத்தை விதிகள் என்று பாடம் ஓடும்.

தேர்வில் இரண்டு தாள். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஒவ்வொரு தாளிலும் 60 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் நான்கு விடைகளும் ஏதோ ஒரு சூழலில் சரியாகவே இருக்கும்; கேள்வியில் உள்ள சூழலுக்கு எது பொருந்தும் என்பதுதான் சோதனை. வகுப்பில் நாங்கள் அலசிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

வீவக மறுவிற்பனை வீடு, விலை 600,000 வெள்ளி. வீட்டை வாங்கும் உரிமையைக் குறிப்பிட்ட நாள்வரை தன் பெயரில் பிடித்துவைக்கும் ஆப்ஷனுக்கு வாங்குபவர் எவ்வளவு கொடுப்பார்? தனியார் வீட்டு வழக்கம் மனத்தில் இருந்தால் கை தானாக ஒரு விழுக்காட்டைக் கணக்குப் போட்டு 6,000 என்று குறித்துவிடும். வீவக வீட்டுக்கு அது செல்லாது. ஆப்ஷன் தொகை 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிக்குள்தான். பிறகு ஆப்ஷனைச் செயல்படுத்தும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000ஐத் தாண்டக்கூடாது. ஆக, முதலில் 1,000 கொடுத்தவர் அடுத்து அதிகபட்சம் 4,000 கொடுக்கலாம். ஆப்ஷன் 21 நாள் செல்லும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்தி. கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிந்துவிடும்.

அடுத்தது முத்திரை வரி. முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அதாவது 1,800. அடுத்த 180,000க்கு 2 விழுக்காடு, 3,600. மிச்சம் 240,000க்கு 3 விழுக்காடு, 7,200. கூட்டினால் 12,600 வெள்ளி. சந்தை மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் வரி. இப்படிப் படிப்படியாக எழுதிப் பழகினால் கை நடுங்காது. சூத்திரத்தை மட்டும் உருப்போட்டவர்கள்தான் திணறினார்கள்.

இதே கணக்கின் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. வாங்குபவர் அவசரமாக வெளியூர் போகிறார்; 1,000 வெள்ளியை முகவரிடம் நீட்டி, "நீங்களே வீட்டுக்காரரிடம் கொடுத்துடுங்க" என்கிறார். ரசீது எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாமா? கூடாது. சொத்து விற்பனையிலும் வீவக வாடகையிலும் பரிவர்த்தனைப் பணத்தை முகவர் தொடவே கூடாது. நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் விதிமீறல்தான். தொழிலுக்கு வந்தபின் இந்தச் சூழல் நிஜமாகவே அடிக்கடி வருகிறது. பணம் நேராக விற்பவருக்கே போகட்டும் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேறியதும் முகவராகிவிட முடியாது. உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அதன் வழியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஒரு நிறுவனம்தான். 'R' என்று தொடங்கும் பதிவெண் கிடைத்த பிறகுதான் விளம்பரம் போடலாம். வாடிக்கையாளர் அந்த எண்ணை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பார். பார்க்கச் சொல்லி நானே கேட்டுக்கொள்வேன்.

பதிவு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று முடிகிறது. ஆனால் அதைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விக்கான ஆண்டுக் கணக்கு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இந்த மூன்று மாத வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள் டிசம்பரில் படித்து முடிக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அப்போது படிப்பது அடுத்த சுற்றில்தான் சேரும். முன்பு ஆண்டுக்கு 6 புள்ளிகள் போதும். 2025 அக்டோபரிலிருந்து 16 மணி நேரம்; அதில் 12 மணி நேரம் முறையான வகுப்பாக இருக்க வேண்டும். நேரம் குறைந்தால் புதுப்பிப்பு சிக்கலாகும். புதுப்பிக்காவிட்டால் ஜனவரி முதல் தேதி கையில் இருக்கும் பேரத்தைக்கூடத் தொடர முடியாது.

என் வழக்கம், வகுப்புகளை ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுவது. ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவதால் பயனுள்ள வகுப்புகளில் இடம் கிடைப்பதில்லை. முடித்த நேரம் என் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதையும் சான்றிதழோடு ஒப்பிட்டு அப்போதே பார்த்துவிடுவேன்.