இன்வாய்ஸில் குறைந்து வந்த 43 டாலர்

பினாங்கிலிருந்து மசாலா ஏற்றுமதி செய்யும் சிறிய கடையில் கணக்குப் பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு 4,200 அமெரிக்க டாலருக்கு இன்வாய்ஸ் போட்டோம். வந்தது 4,157. கேட்டால், “பேங்க் சார்ஜ் கழித்துவிட்டோம்” என்று ஒரே வரியில் பதில். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வங்கிக்குப் போனது வீண் அலைச்சல். “நடுவில் உள்ள வங்கி பிடித்திருக்கும், எங்களுக்குத் தெரியாது” என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். விவரம் பணம் அனுப்பியவரிடம்தான் இருக்கும். அவருடைய வங்கி SWIFT வலையமைப்பில் அனுப்பிய பணப்பரிமாற்றச் செய்தியின் நகலைக் கேளுங்கள். எங்களுக்கு வந்தது MT103 என்ற வடிவம்; 2025 நவம்பருக்குப் பிறகு அதன் இடத்தில் pacs.008 வந்துவிட்டது. வெறும் பணம் கட்டிய ரசீது போதாது.

பலமுறை கேட்ட பிறகு நகல் வந்தது. அனுப்பச் சொன்ன தொகையைக் காட்டும் 33B, வங்கி உண்மையில் அனுப்பிய தொகையைக் காட்டும் 32A இரண்டிலும் 4,175 என்றே இருந்தது. அதாவது, அவருடைய வங்கி எதையும் கழிக்கவில்லை. 25 டாலரை அவரே குறைத்து அனுப்பியிருக்கிறார். மீதி 18 டாலர்தான் வழியில் பிடிபட்டது. கட்டணம் யாருடையது என்று சொல்லும் 71A-வில் SHA, அதாவது கட்டணத்தை இருவரும் பகிர்வது என்று இருந்தது. அப்படியென்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புபவருடையது. அதை நம் தலையில் கட்ட முடியாது.

அதுவரை நான் வாடிக்கையாளர் கணக்கில் 4,157 மட்டும் வரவு வைத்து, 43-ஐ அந்த இன்வாய்ஸிலேயே பாக்கியாக விட்டிருந்தேன். முதலாளி, “கிரெடிட் நோட் போட்டு முடித்துவிடும்மா” என்றார். வேண்டாம் என்றேன். கிரெடிட் நோட் போட்டால் விலையைக் குறைத்ததாக ஆகிவிடும், விற்பனைத் தொகையே மாறிவிடும். நாம் சரக்கு விற்றது 4,200-க்குத்தான். டாலர் மதிப்பு மாறியதால் ரிங்கிட்டில் வந்த வித்தியாசத்தையும் இதோடு கலக்கவில்லை. அது அந்நியச் செலாவணி லாப நஷ்டக் கணக்குக்குத் தனியாகப் போனது.

பிறகு நகலைச் சேர்த்து, தொகையைப் பிரித்துக் காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். மலேசியாவுக்கு வெளியே ஆகும் வங்கிச் செலவு வாங்குபவருடையது என்று இன்வாய்ஸிலேயே அச்சடித்திருப்பதையும் சுட்டினேன். மொத்தமாக 43 கேட்டபோது மழுப்பியவர், 25-ஐ உடனே ஒப்புக்கொண்டார். 18-க்கு மட்டும் “நான் எடுக்கவில்லையே” என்று மல்லுக்கு நின்றார். நல்ல வாடிக்கையாளர் என்பதால் முதலாளி அதை விட்டுக்கொடுத்தார். முதலாளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி, வங்கிச் செலவில் 18 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 18 வரவு என்று பதிந்தேன். இனிமேல் எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் OUR முறையைத் தேர்வு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த இன்வாய்ஸுக்கான பணத்தோடு அந்த 25 டாலரும் வந்துவிட்டது! இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கு மென்பொருள் அதைப் புது இன்வாய்ஸுக்கு வந்த அதிகப் பணமாக வைத்துவிடலாம். பழைய இன்வாய்ஸை நீங்களே தேர்ந்தெடுத்து அதில் வரவு வையுங்கள். இல்லாவிட்டால் பணம் வந்த பிறகும் பழைய பாக்கி பட்டியலில் நிற்கும், கட்டியவருக்கே மறுபடி நினைவூட்டல் போகும்.