டேப் சொன்னது 21, அப்பா சொன்னது 30

பையனுக்கு 5 வயது. நிமோனியாவில் ஆக்சிஜன் இறங்கி, நாடித்துடிப்பு 60க்குக் கீழே போனதும் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டோம். சிரிஞ்சில் மருந்து எடுப்பது நர்ஸான என் பொறுப்பு. குழந்தையின் உயரத்தை அளந்து எடையை ஊகிக்கும் வண்ணப் பட்டை டேப்பை எடுத்து, அதன் சிவப்பு முனையை உச்சந்தலையில் வைத்து நீட்டினேன். குதிகால் நீலப் பட்டையில் நின்றது, அதாவது 19 முதல் 23 கிலோ. டாக்டர் 21 என்று எடுத்துக்கொண்டார். வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்டும் கணக்குக்கும் 18தான் வந்தது.

வாசலில் நின்ற அப்பா சொன்னார்: "மிஸ்ஸி, அவன் முப்பது கிலோ. போன மாசம்தான் பாலிகிளினிக்ல பார்த்தாங்க."

டாக்டரிடம் சொன்னேன். தலையைத் திருப்பாமலே, "டேப்லயே போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அட்ரினலினுக்கு அவர் சொன்னது சரி. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், பத்தாயிரத்தில் ஒன்று கரைசலில் 0.1 மில்லி. 21க்கு 2.1 மில்லி, 30க்கு 3 மில்லி. அந்த மருந்து கொழுப்புக்குள் அவ்வளவாகப் போவதில்லை. டேப் உயரத்தை வைத்து, கூடுதல் சதை இல்லாத எடையைத்தான் சொல்கிறது. அட்ரினலினுக்கு அது போதும். முதல் டோஸிலேயே துடிப்பு திரும்பியது.

பிறகு மூச்சுக்குழாயில் குழாய் போட, தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் கேட்டார். அங்கேதான் என் மனம் இன்னும் சுற்றுகிறது. குண்டான உடம்பில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியும் கூடுதலாக இருக்கும், அது பரவும் நீரின் அளவும் கூடும். அதனால் அதற்கு மட்டும் உண்மையான எடையைப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று 21க்கு 42 எடுத்தேன். 30 என்றால் 60.

தாடை முழுசாகத் தளரவில்லை. குழாய் இரண்டாவது முயற்சியில்தான் போனது.

டோஸ் குறைந்ததாலா? உறுதியாகச் சொல்ல முடியாது. 30 கிலோவுக்கு 42 என்றாலும் கிலோவுக்கு 1.4 வருகிறது, அதுவே வேலை செய்திருக்கலாம். ரத்த ஓட்டம் மந்தமாக இருக்கும்போது மருந்து போய்ச்சேரவே நேரமாகும். நாங்கள் கொஞ்சம் அவசரப்பட்டோமோ என்னவோ. தலைமை டாக்டர் எண்ணைத் தீர்மானித்த பிறகு நர்ஸ் ஒரு முறை சொன்னால் போதாதா என்றும் தோன்றும். ஆனால் சிரிஞ்ச் என் கையில் இருந்தது, 30 என்ற எண் என் காதில் இருந்தது.

இப்போதெல்லாம் பலகையில் இரண்டு எடையையும் எழுதிவிடுகிறேன்: டேப் 21, அப்பா சொன்னது 30. எங்கள் வார்டு அக்கா ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு எண் இருந்தா யாராவது தப்பானதுல மருந்து எடுப்பாங்கமா" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.