63 எழுத்தா, 38 எழுத்தா: ஒரு சப்டைட்டில் வேலையில் பட்ட பாடு

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில். பழுது பார்க்கும் முன் கரண்டை நிறுத்தி ஆளாளுக்குப் பூட்டுப் போடும் முறை, அதாவது லாக்அவுட் டேக்அவுட். மொழிபெயர்ப்பு சுலபமாகவே முடிந்தது. அனுப்பிய ஃபைல்தான் பாதி வரி சிவப்படித்துத் திரும்பி வந்தது: "வேகம் அதிகம், நொடிக்கு 17 எழுத்துக்குள் சுருக்கவும்."

அதில் ஒன்று இது:

```
00:04:12,200 --> 00:04:15,200
எல்லோரும் மெஷினை விட்டு விலகும்வரை
உங்கள் பூட்டைக் கழற்றாதீர்கள்
```

மூன்று நொடி. சாஃப்ட்வேர் கணக்கில் 63 எழுத்து, நொடிக்கு 21. ஆனால் நம் கண் இடைவெளியையும் சேர்த்து 38 தான் படிக்கிறது, நொடிக்கு 13கூட வராது. "லோ" நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் ல, ோ என்று இரண்டு. புள்ளி வைத்த "ல்" கூட அதற்கு இரண்டுதான்.

சரிபார்த்தவருக்குத் தமிழ் தெரியாது. அவர் யாரிடமோ கொடுத்துச் சுருக்க, "கழற்றாதே" என்று வந்து நின்றது. சாஃப்ட்வேர் கணக்கில் ஐந்து எழுத்து மிச்சம், மரியாதை போச்சு. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஃபிட்டரிடம் கம்பெனி இப்படியா பேசும்? சில வரிகளில் "உங்கள்" என்பதையும் வெட்டியிருந்தார்கள். அதுதான் ஆபத்து, போட்டவர்தான் தன் பூட்டை எடுக்க வேண்டும் என்பதே இந்தப் பயிற்சியின் உயிர்.

ஆகவே வார்த்தையை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தேன். குரல் நின்றபின் அடுத்த வசனம்வரை கொஞ்சம் இடைவெளி இருந்தது, முடியும் நேரத்தை 00:04:15,950 ஆக்கியதும் அவர்கள் கணக்கிலேயே 16.8 வந்துவிட்டது. காட்சி மாறும் இடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்படி நீட்ட இடமில்லாத வரிகளுக்கு, பைத்தானில் `len(regex.findall(r'\X', s))` ஓட்டி, கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கைத் தனிப் பட்டியலாக அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார்கள். வேலை தொடங்கும்போதே எந்தக் கணக்கு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கலைச்சொல்லில் இன்னொரு இழுபறி. அலுவலகம் கொடுத்த பட்டியலில், கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டருக்கு "தனிமைப்படுத்தி" என்று இருந்தது. திரையில் தெரியும் பேனலிலோ கொட்டை எழுத்தில் ISOLATOR. பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசரை லைனில் பிடித்துக் கேட்டால், "சார், அப்படிச் சொன்னா எவனும் எங்க கை வைக்கணும்னே தெரியாம நிப்பான்" என்றார். அந்தப் பதிலை அப்படியே மெயிலில் போட்டேன், ஐசோலேட்டர் பிழைத்தது.

எல்லாம் ஓகே ஆகி வீடியோவில் பதித்து அனுப்பினார்கள், பார்த்தால் ஒற்றைக்கொம்பெல்லாம் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. ஃபைலில் குறையில்லை, அவர்கள் எடிட்டிங் மென்பொருள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்கவில்லை. மறுபடி பதிக்க வைத்தேன். நீங்கள் முதலிலேயே "மெ, லோ, கௌ" உள்ள ஒரு வரியைக் கொடுத்து, பத்து நொடி மாதிரி பதித்துக் காட்டச் சொல்லுங்கள்.