உப்புப் பார்க்காத சமையலறை

தில்லிக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களா சாஹிப் என்னும் சீக்கியர்களின் குருத்வாராவுக்கு லங்கர் சேவா செய்யப் போனேன். லங்கர் என்றால் யார் வந்தாலும் தரையில் வரிசையாக உட்கார வைத்துச் சோறு போடும் பொதுச் சமையலறை. பெயர் பதியச் சொல்லவில்லை, எந்த மதம் என்றும் கேட்கவில்லை. செருப்பைக் காப்பகத்தில் விட்டேன். கை கழுவி, வாசல் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனேன்.

சுடிதார் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். சமையலறை வாசலில் ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தி, பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிற ருமால் ஒன்றை எடுத்தார். கைக்குட்டையைவிடப் பெரிய சதுரத் துணி. அதை முக்கோணமாக மடித்து, நெற்றியில் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டார். என் பின்னலையும் உள்ளே சொருகிவிட்டார். துப்பட்டாவைத் தோளின் குறுக்கே போட்டு இடுப்பில் கட்டச் சொன்னார். குனிந்தால் வழுக்கி மாவில் விழும், தவா பக்கம் போனால் நெருப்பில் படும் என்றார். குருவின் முன்னால் தலையை மூடுவது மரியாதை. லங்கரும் குருவின் வீட்டுச் சமையல் என்பதால் இங்கேயும் அதே முறை. தொப்பி இதற்கு ஆகாது. மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பலகைக்கு முன்னால் உட்கார விட்டார்கள்.

சப்பாத்தி திரட்டும் வேலை. அதை அங்கே பர்ஷாதா, அதாவது பிரசாதம், என்றுதான் சொல்கிறார்கள். நான் நிறைய மாவு தூவித் திரட்டினேன். அந்த மாவு தவாவில் கருகி, அடுத்தடுத்து வருவதிலெல்லாம் கரும்புள்ளியாக ஒட்டியது. ஓரம் தடித்திருந்தால் நடு வெந்தாலும் ஓரம் பச்சையாக நிற்கும். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து, நடுவை அழுத்தாமல் ஓரத்தை மட்டும் ஓட்டிக் காட்டினார். அப்புறம் பரவாயில்லாமல் வந்தது.

நடுவில் வியர்த்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மாவை எடுக்கப் போனேன். "பேட்டா, ஹாத்", பிள்ளை, கை என்று அந்த அம்மா குழாயைக் காட்டினார். எழுந்து போய்க் கழுவி வந்தேன். சிறிது நேரத்தில் ருமாலைச் சரிசெய்யத் தொட்டேன், மறுபடியும் குழாய். முகம் சுளிக்காமல்தான் சொன்னார், ஆனால் விடவில்லை. துணியை நெற்றியில் தாழ்த்திக் கட்டினால் அதுவே வியர்வையை உறிஞ்சிவிடும். அவர் ஏன் அப்படிக் கட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பருப்பு அண்டா பக்கம் போனபோது ஒன்றைக் கவனித்தேன். கிளறுகிறவர் ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை. உப்பு ஒரு குறிப்பிட்ட கிண்ணத்தால் அளந்து விழுகிறது. பருப்பு குழைந்ததா என்பதைக் கரண்டியில் வழியும் விதத்தையும் மணத்தையும் வைத்தே சொல்கிறார். அர்தாஸ் என்னும் வேண்டுதல் முடியும் வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. தட்டில் கொஞ்சம் எடுத்து மூடி வைத்து, அர்தாஸ் சொல்லி, கிர்பான் என்னும் சீக்கியர்களின் குறுவாளால் தொட்டு, அதைத் திரும்ப அண்டாவிலேயே கலந்துவிடுகிறார்கள். நம் கோயில் மடைப்பள்ளியிலும் நைவேத்தியத்துக்கு முன் உப்புப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது அந்நியமாகவே படவில்லை.

அடுத்து பரிமாறல். அந்த வரிசைக்குப் பங்கத் என்று பெயர். நம் பந்தியும் அதே வடமொழி 'பங்க்தி'தான். எனக்குப் பருப்பு வாளி கிடைத்தது. கரண்டி தட்டில் படாமல் சற்று மேலிருந்து ஊற்ற வேண்டும். ஒரு குழந்தை சட்டென்று தட்டைத் தூக்க, கரண்டி அதில் இடித்துவிட்டது. நான் யோசிப்பதற்குள் பின்னால் வந்த பாஜி, அதாவது அங்கிருந்த ஓர் அண்ணன், அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார். தட்டில் பட்டது எச்சில், அது வாளிக்குள் திரும்பப் போகக் கூடாது. ஒரே வாளி எத்தனை பேருக்குப் போகிறது! அம்மை நோய் பரவிய 1664இல் எட்டாம் குரு ஹர் கிருஷன் தங்கி நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று போற்றப்படும் இடம் இது. அந்த நினைவோடு இந்தக் கவனத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நீங்களும் பரிமாறப் போனால், ஈரத் தரையில் வெறுங்காலோடு வேகமாக நடக்காதீர்கள், வாளியோடு வழுக்கும். கேட்காமல் நிறைய ஊற்றாதீர்கள், தட்டில் மிஞ்சுவது வீண். கேட்டால் இன்னொரு சுற்று வரலாம்.

இரண்டு மணிக்கு வாளியை வாங்கிக்கொண்டு, "இப்போ நீ உட்கார்" என்றார் அந்த அம்மா. பாயில் உட்கார்ந்தேன். ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பையன் போடாமல் நின்றான். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். சூடான பர்ஷாதா வந்து விழுந்தது, ஓரத்தில் ஒரு கரும்புள்ளியோடு.