அப்பாவின் பான் கார்டைத் திருப்பிக் கொடுத்த கதை

அப்பா பென்னாகரம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2023 ஜூலையில் தவறிவிட்டார். அவருடைய பான் எண்ணை ஒப்படைக்க வருமான வரி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டியது வாரிசான என் வேலை. அவசரப்பட்டு முதலில் பான் எண்ணை ஒப்படைத்திருந்தால் வம்பாகியிருக்கும். ஏப்ரல் முதல் இறந்த நாள் வரை வந்த பென்ஷன், வங்கி வட்டிக்கு அவர் பெயரில் கடைசி ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. போர்ட்டலில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிந்து, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னைப் போட்டு, ரீஃபண்டும் வந்த பிறகுதான் கடிதத்தில் கை வைத்தேன்.

எந்த அதிகாரிக்கு எழுதுவது என்பதை incometax.gov.in தளத்தில் Know Your AO என்ற இடத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். அங்கே வந்த வார்டு பெயரை அப்படியே பெறுநர் முகவரியில் போட்டேன்.

முதல் கடிதத்தில் 'தேவையான ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன' என்று ஒரே வரிதான். சாதாரணத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டால் கடிதம் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் இல்லை. நான் வைக்க மறந்தேனா, வழியில் கழன்றதா? காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது கடிதத்தை அப்பா அலுவலகக் கடிதம் எழுதுகிற முறையில் எழுதினேன்: பொருள், பார்வை, இணைப்பு. பார்வையில் அவருடைய பான் எண், கடைசி ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண், என் முந்தைய கடிதத்தின் தேதி. இணைப்பில் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதன் எண்ணும் பக்கக் கணக்கும் எழுதினேன். இறப்புச் சான்றிதழில் பதிவு எண், பதிவு தேதி. வாரிசுச் சான்றிதழில் தாசில்தார் அலுவலகம் கொடுத்த சான்றிதழ் எண். அசல் பான் கார்டு ஒன்று. என் பான், ஆதார் நகல்கள். கடைசியில் 'மொத்தம் 7 தாள்கள்'. ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் 1/7, 2/7 என்று பேனாவால் போட்டேன்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊர் இனிஷியல். பான் கார்டில் தாத்தா பெயர் முழுசாக விரிந்து முன்னால் நிற்கும்; இறப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்துதான். இரண்டும் ஒருவரே என்று கடிதத்தில் ஒரு வரி எழுதி, இரண்டு வடிவமும் இருந்த பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் வைத்தேன். அந்த ஏழில் அதுவும் ஒன்று.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். தபால் பிரிவில் இருந்த அம்மா இணைப்புப் பட்டியலைப் பார்த்துத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏழு சரியா இருக்குங்க சார்."

என் பிரதியில் தேதி முத்திரை குத்தி, வரவு எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தார். பிறகு விசாரிக்கப் போனபோதெல்லாம் அந்த எண்ணைச் சொன்னதும் கோப்பு மேசைக்கு வந்துவிட்டது.